ரூ. 125,000: எந்த நாட்டு ரூபாய்?

மதுரைச் சுங்குடிக் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஓர் ஆர்டர் வருகிறது: "பருத்திச் சுங்குடி 20 சேலை, மொத்தம் ரூ. 125,000/=". தமிழில் "ரூ." என்று எழுதுபவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், இலங்கையிலும் இருக்கிறார்கள். இந்த ஓர் ஆர்டரை வைத்தே பார்ப்போம்.

முதலில், குறியீட்டைச் சரியாகப் பாருங்கள். ₹ இருந்தால் அது இந்திய ரூபாய்தான். 2010-இல் நம் நாட்டுக்கென்றே வந்த குறி. ஆனால் "ரூ.", "Rs", ₨ எதுவும் நாட்டைச் சொல்லாது. இந்திய ரூபாயைக் குறிக்கும் INR அல்லது இலங்கை ரூபாயைக் குறிக்கும் LKR என்று எழுதியிருந்தால் அத்துடன் வேலை முடிந்தது.

இல்லையென்றால், எண்ணை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். நாம் 1,25,000 என்று இலட்சத்தில் கமா போடுவோம், இலங்கையில் 125,000. தொகையின் முடிவில் நாம் "/-" போடுவோம், அங்கே பெரும்பாலும் "/=". சில்லறையை "சதம்" என்றால் அதுவும் இலங்கைப் பக்கம்தான். ஆனால் ஓர் இலட்சத்துக்குக் கீழே கமா உதவாது: 45,000 இரண்டு நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொகையை எக்செல்லில் ஏற்றியதும், கணினியில் இந்திய அமைப்பு இருந்தால் அது 1,25,000 என்று மாறித் தெரியும்; கரன்சி வடிவம் கொடுத்தால் முன்னால் ₹-உம் ஒட்டிக்கொள்ளும். பிறகு பார்ப்பவர், வாடிக்கையாளரே இந்திய ரூபாயில் எழுதியதாக நினைப்பார். அதனால் எப்போதும் வந்த செய்தியை அல்லது படத்தைத் திறந்து பாருங்கள், நாம் தட்டச்சு செய்த தாளை அல்ல.

அடுத்து முகவரி. அஞ்சல் எண் ஐந்து இலக்கமானால் (யாழ்ப்பாணம் 40000) இலங்கை, ஆறானால் (மதுரை 625001) இந்தியா. தொலைபேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். +94 எண்ணோடு மதுரையில் தங்கியிருப்பவர் இந்திய ரூபாயில் பேசலாம். வரி விகிதமும் கைகொடுக்காது, இங்கே பல சரக்குகளுக்கு ஜிஎஸ்டி 18%, அங்கே வாட் வரியும் 18%. வரியின் பெயர்தான் துப்பு.

கடைசியாக ஒரு வகுத்தல். 125,000-ஐ 20-ஆல் வகுத்தால் சேலை 6,250. மொத்த விலையில் பருத்திச் சுங்குடிக்கு இந்திய ரூபாயில் இது பொருந்தாது. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தால் 1,786 வருகிறது, இது பொருந்துகிறது. அன்றைய மாற்று விகிதத்தைப் பார்த்துப் போடுங்கள்.

கமா, "/=", விலை மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன, ஆகவே LKR. துப்புகள் முரண்பட்டால் மட்டும் ஊகிக்காமல், "இலங்கை ரூபாயில்தானே சொல்றீங்க?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு பில்லில் இப்படி எழுதுங்கள்:

```
LKR 125,000.00
```