கில்லர் சுடோக்கு: 17 கிடைத்தால் விடாதீர்கள்

ஈரோட்டில் பஸ் ஏறிக் கில்லர் சுடோக்குவைப் பிரித்தால், பெருந்துறை வரை ஒரு எண்கூட விழாமல் நான் விழித்த நாட்கள் உண்டு. இந்தச் சுடோக்குவில் சில கட்டங்களைச் சேர்த்துக் கோடிட்ட கூண்டுகளுக்குக் கூட்டுத்தொகை மட்டும் தரப்பட்டிருக்கும்; ஒரு கூண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வராது. எல்லாக் கூண்டுகளையும் வரிசையாகக் கூட்டிப் பார்த்ததுதான் தவறு. ஒரே வழியில் மட்டும் அமையும் கூட்டுத்தொகையை முதலில் தேட வேண்டும். இரண்டு கட்டக் கூண்டில் 3, 4, 16, 17 ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. 17 என்றால் 8, 9 தவிர வேறில்லை.

ஒரு வரிசையில் 17-க்கான இரண்டு கட்டக் கூண்டும், 18-க்கான மூன்று கட்டக் கூண்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று எண்களில் 18 ஏழு விதமாக வரும். ஆனால் 8, 9 ஏற்கெனவே போய்விட்டதால் 5, 6, 7 மட்டுமே மிஞ்சும். மீதி நான்கு கட்டங்களில் 1, 2, 3, 4. வரிசையின் மொத்தம் 45 என்பதால் கணக்கும் சரியாக இருக்கிறது: 17, 18, 10. அந்த நான்கில் 4-க்கான இரண்டு கட்டக் கூண்டு ஒன்று இருந்தால் அதில் 1, 3. மற்ற இரண்டில் 2, 4. எது எந்தக் கட்டம் என்பதை நெடுவரிசைதான் சொல்லும். அதுவரை பென்சில் குறிப்பு போதும்.

கூண்டு முழுவதும் அதே வரிசையில் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 17 கூண்டின் ஒரு கால் கீழ் வரிசைக்கு இறங்கியிருந்ததைக் கவனிக்காமல் வரிசை முழுவதும் 8, 9 இரண்டையும் அடித்துவிட்டேன். அவிநாசி வந்தபோது ஒரே நெடுவரிசையில் இரண்டு 6 நின்றன.