இரண்டு ரக அரிசியை எந்த விகிதத்தில் கலப்பது? அலிகேஷன் கணக்கு, படிப்படியாக

கிலோ 42 ரூபாய் அரிசியையும் 54 ரூபாய் அரிசியையும் கலந்து, கிலோ 46 ரூபாய் அடக்கமாகும் கலவை வேண்டும். எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்?

விலை குறைந்ததை இடப்பக்கமும் கூடியதை வலப்பக்கமும் எழுதுங்கள். கலவையின் விலையை நடுவில் போடுங்கள். அப்புறம் குறுக்காகக் கழியுங்கள்: 54-இல் 46 போனால் 8, அது 42-க்குக் கீழே வரும். 46-இல் 42 போனால் 4, அது 54-க்குக் கீழே வரும்.

```
42        54
     46
8    :    4
```

8 : 4, அதாவது 2 : 1. மலிவு ரகம் இரண்டு பங்கு, உயர்ந்த ரகம் ஒரு பங்கு.

ஏன் குறுக்காகக் கழிக்கிறோம்? மலிவு அரிசி ஒவ்வொரு கிலோவும் 46-க்கு 4 ரூபாய் குறைவு. உயர்ந்த அரிசி ஒவ்வொரு கிலோவும் 8 ரூபாய் அதிகம். அந்த 8 ரூபாயை ஈடுகட்ட இரண்டு கிலோ மலிவு அரிசி தேவை. இது புரிந்துவிட்டால் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விடையைத் தலைகீழாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். சரிபார்க்க ஒரு பார்வை போதும். 42-க்கும் 54-க்கும் சரிபாதி 48. நமக்கு வேண்டிய 46 அதைவிடக் குறைவு, ஆகவே மலிவு ரகம்தான் அதிகம் இருக்க வேண்டும். 1 : 2 என்று வந்தால் எங்கோ மாறிவிட்டது.

மொத்தம் 60 கிலோ கலவை வேண்டும் என்றால் மூன்று பங்காகப் பிரியுங்கள்: 40 கிலோ, 20 கிலோ. "30 கிலோ மலிவு அரிசியுடன் எவ்வளவு உயர்ந்த அரிசி?" என்று கேட்டால் 30 என்பது இரண்டு பங்கு, விடை 15 கிலோ. எது மொத்தம், எது ஒரு ரகத்தின் அளவு என்று கேள்வியை நிதானமாகப் படியுங்கள்.

தேர்வில் உண்மையான பொறி லாபத்தில்தான் இருக்கிறது. அதே இரண்டு அரிசியைக் கலந்து கிலோ 50.60 ரூபாய்க்கு விற்றால் 10% லாபம் என்று கேள்வி வரும். 50.60-ஐ அப்படியே நடுவில் போட்டால் 3.4 : 8.6, அதாவது 17 : 43 என்று வரும். இது தவறு. இரு பக்கமும் அடக்க விலை இருக்கும்போது நடுவிலும் அடக்க விலைதான் இருக்க வேண்டும்.

லாபம் அடக்க விலையின் மீது கணக்கிடப்படுவது. அதனால் 50.60-இல் 10% கழிக்கக் கூடாது, அப்படிச் செய்தால் 45.54 வரும். சரியான வழி இது:

```
50.60 × 100 / 110 = 46
```

இப்போது நடுவில் 46, விகிதம் மறுபடி 2 : 1.

நடு எண் எப்போதும் இரண்டு விலைகளுக்கும் இடையில்தான் இருக்கும். 55 ரூபாய்க்கு விற்பதாகச் சொல்லி, 55-ஐ நடுவில் போட்டால் 54-ஐத் தாண்டிவிடும். எந்த விகிதத்தில் கலந்தாலும் அடக்கம் 54-ஐத் தாண்டாது. ஆகவே நடுவில் போட்டது விற்பனை விலை, முதலில் அதை மாற்ற வேண்டும்.