ஜனவரிக் கணக்கில் 20,700 உதைத்தது: அடுத்த மாதத்தில் பதிவான ரீஃபண்டைத் தேடிப் பிடிப்பது எப்படி

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்தபின் நான் தனியாக முடித்த முதல் மாதக் கணக்கு 2025 ஜனவரி. ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. பொருள் கொடுத்தவர்களுக்குப் பணம், பேங்க் ரீகன்சிலியேஷன், வாட் எல்லாம் என் தலையில். என் வேலையை மேற்பார்க்க ஒரு அக்கா இருந்தார். இந்த ஊர்க்காரர். கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர். கோபம் வந்தால் மட்டும் கிரியோலுக்குப் போய்விடுவார்.

அந்த ஜனவரி 31 வெள்ளிக்கிழமை. பிப்ரவரி 1 இங்கே அடிமைமுறை ஒழிப்பு நாள், அரசு விடுமுறை. மறுநாள் ஞாயிறு. வெள்ளி மாலை மூடிய கணக்கைத் திங்கள் 3ஆம் தேதிதான் திறந்தோம். கோளாறு அந்த இடைவெளியில் நுழைந்தது.

படி 1: உண்மையான வித்தியாசம் எவ்வளவு?

லெட்ஜரில் 31ஆம் தேதி பேங்க் இருப்பு 4,12,850 ரூபாய். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 3,79,650. இரண்டையும் அப்படியே கழித்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். இன்னும் பேங்குக்கு வந்து சேராததையும், பேங்கிலிருந்து போகாததையும் முதலில் சரிசெய்ய வேண்டும். 31ஆம் தேதி கார்டில் விற்ற 27,500 பேங்குக்கு 3ஆம் தேதிதான் வரும், அதைக் கூட்டினேன். நாங்கள் கொடுத்து இன்னும் பணமாகாத ஒரு செக் 15,000, அதைக் கழித்தேன்.

```
379650 + 27500 - 15000 = 392150
412850 - 392150 = 20700
```

தேட வேண்டியது 20,700.

படி 2: எந்தப் பக்கம் அதிகம்?

லெட்ஜர் அதிகம், பேங்க் குறைவு. அப்படியென்றால் இரண்டில் ஒன்று: பேங்கிலிருந்து போன பணம் புத்தகத்தில் ஏறவில்லை, அல்லது வராத பணம் வந்ததாக ஏறியிருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

நான் இதைச் செய்யவில்லை. படிப்பில் சொல்லிக்கொடுத்த தந்திரம் ஞாபகம் வந்தது: வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54ஐ 45 என்று அடித்தது போல. 20,700ஐ 9ஆல் வகுத்தால் சரியாக 2,300. பிடித்துவிட்டேன் என்று இரண்டு மணி நேரம் ஒவ்வொரு எண்ணாக இடம் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இலக்கம் மாறினால் 9ஆல் வகுபடும் என்பது உண்மை. ஆனால் 9ஆல் வகுபடுவதெல்லாம் இலக்கம் மாறியதல்ல. குருட்டாம்போக்கில் எடுத்தாலும் ஒன்பது எண்ணில் ஒன்று வகுபடத்தான் செய்யும்.

படி 3: மாத எல்லையைத் தாண்டித் தேடுங்கள்

ஸ்டேட்மென்ட்டில் 20,700 என்று ஒரு வரியும் இல்லை. ஜனவரி லெட்ஜரிலும் இல்லை. அக்கா வந்து திரையைப் பார்த்தார். "தம்பி, ரிப்போர்ட்டை 31ஓட நிறுத்திட்டா பிப்ரவரி எப்படித் தெரியும்?" என்றார்.

லெட்ஜர் ரிப்போர்ட்டின் கடைசித் தேதியை பிப்ரவரி 7 ஆக்கி மறுபடி எடுத்தேன். A பத்தியில் தேதி, D பத்தியில் தொகை இருந்தால் இது போதும்:

```
=FILTER(A2:D900,(ABS(D2:D900)=20700)*(A2:A900>=DATE(2025,1,25))*(A2:A900<=DATE(2025,2,7)))
```

பழைய எக்ஸெலில் FILTER இருக்காது. தொகைப் பத்தியில் வடிகட்டி போட்டு 20700 என்று தேடினாலும் இதேதான் கிடைக்கும்.

ஒரே ஒரு வரி வந்தது. பிப்ரவரி 3, ஒரு வாஷிங் மெஷினுக்கான ரீஃபண்ட். விலை 18,000, 15 சதவீத வாட் 2,700.

படி 4: பேங்கில் அது எங்கே ஒளிந்திருந்தது?

பேங்கில் இந்தப் பணம் எப்போது போனது என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. ஜனவரி 31இல் 62,450 என்று ஒரே வரி இருந்தது, சப்ளையர்களுக்கு மொத்தமாக அனுப்பிய பணம். அதற்கு நான் ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன். பெயரைப் பார்த்து டிக் போட்டேன், தொகையைக் கூட்டிப் பார்க்கவில்லை. லெட்ஜரில் அன்று மூன்று சப்ளையர்களுக்குப் போனது மொத்தம் 41,750தான். மீதி 20,700. பேங்க் தளத்தில் அந்த மொத்த வரியைத் திறந்தால் நாலு பெயர்கள். நாலாவது, மெஷினைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளர். முதலாளி வெள்ளி மாலை அதையும் அதே கட்டில் சேர்த்து அனுப்பிவிட்டார்.

கேஷியர் எழுதிய ரசீது மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை அதை கிரெடிட் நோட்டாகவும் பேமென்ட்டாகவும் அடித்தபோது Document Date 31 ஜனவரி என்று சரியாகவே போட்டிருந்தார்கள். Posting Dateஐ யாரும் தொடவில்லை. அது தானாக அன்றைய தேதியை எடுத்துக்கொண்டது. லெட்ஜர் மதிப்பது Posting Dateஐத்தான்.

படி 5: வெறும் நேர வித்தியாசமா, பிழையா?

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ரீகன்சிலியேஷன் தாளில் "பேங்கில் ஜனவரி, புத்தகத்தில் பிப்ரவரி" என்று ஒரு வரி எழுதினால் இரண்டு பக்கமும் டாலி ஆகிவிடும். நானும் எழுதப் போனேன். அக்கா பேனாவைப் பிடுங்காத குறை.

எதிர்மாதிரி நடந்திருந்தால் அது சரி. கார்டு ரீஃபண்டை நாம் 31ஆம் தேதியே புத்தகத்தில் ஏற்றிவிடுகிறோம், பேங்க் 3ஆம் தேதி வரும் விற்பனைப் பணத்தில் கழித்துக்கொள்கிறது என்று வையுங்கள். புத்தகம் சரியாக இருக்கிறது, பேங்க்தான் தாமதம். தாளில் ஒரு வரி போதும், என்ட்ரி வேண்டாம். அந்தப் பணம் தனி வரியாக வராமல் நிகரத் தொகைக்குள் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது அப்படியல்ல. மெஷின் திரும்பி வந்ததும் பணம் போனதும் ஜனவரியில். தாமதித்தது நம் புத்தகம். அதை விட்டுவைத்தால் பேங்க் டாலி ஆகும், ஆனால் ஜனவரி விற்பனையில் 18,000 அதிகமாக நிற்கும், வாட்டில் 2,700 அதிகமாக நிற்கும்.

இதற்குச் சாட்சி வேறொரு தாளிலும் இருந்தது. 31ஆம் தேதி மாலை ஸ்டாக் எண்ணியபோது அந்த மாடல் வாஷிங் மெஷின் ஒன்று கூடுதலாக இருந்தது. "எண்ணிக்கை மிகை: 1" என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தோம்.

படி 6: திருத்தம்

மாதம் இன்னும் பூட்டப்படவில்லை என்றால் கிரெடிட் நோட், பேமென்ட் இரண்டின் Posting Dateஐயும் 31 ஜனவரியாக மாற்றினால் போதும். எங்கள் மென்பொருள் ஒருமுறை பதிந்த தேதியை மாற்ற விடாது. அதனால் பிப்ரவரி 3 பதிவுகளை முழுதாக ரிவர்ஸ் செய்துவிட்டு, ஜனவரி 31இல் புதிதாகப் போட்டோம்:

```
Dr  Sales Returns    18000
Dr  VAT Output        2700
    Cr  Bank               20700

Dr  Stock            13000
    Cr  Cost of Sales      13000
```

13,000 என்பது மெஷினின் அடக்கவிலை. அது பெட்டி பிரிக்காமல் வந்ததால் முழு விலைக்கே ஸ்டாக்கில் ஏற்றினோம். அடிபட்டு வந்திருந்தால் அவ்வளவுக்கு ஏற்ற முடியாது. ஆக ஜனவரி மொத்த லாபத்தில் குறைந்தது 5,000.

ரிவர்ஸ் செய்ய மறந்தால் ரீஃபண்ட் இரண்டு முறை ஏறும். பிப்ரவரி முடிவில் இதே 20,700 மறுபடி உதைக்கும், இந்த முறை பேங்க் அதிகமாகவும் லெட்ஜர் குறைவாகவும். அதனால் பிப்ரவரி 7 வரைக்கும் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, அதே FILTERஐ ஓட்டினேன். மூன்று வரி வந்தது: ஜனவரி 31 பதிவு, பிப்ரவரி 3 பழைய பதிவு, அதன் ரிவர்சல். லெட்ஜரில் ஜனவரி இருப்பு 3,92,150.

ஸ்டாக் தாளில் "மிகை: 1" என்பதை அக்கா சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கிரெடிட் நோட் எண்ணை எழுதினார்.