எக்சென்ட்ரிக் போட டயல் எவ்வளவு ஓட வேண்டும்?

ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகிய புதிதில், டிராயிங்கில் த்ரோ, அதாவது மையம் விலகும் தூரம், 4 மி.மீ. என்றிருந்ததைப் பார்த்து டயல் இண்டிகேட்டரும் 4 ஓடும்படி வைத்து, ஜர்னலைக் கடைந்தே முடித்துவிட்டேன். அளந்தால் த்ரோ 2 தான்!

நாலு ஜா சக்கை ஒரு சுற்று கையால் சுற்றும்போது டயல் குறைந்தபட்சத்திலிருந்து அதிகபட்சம் வரை ஓடுவது, மையம் விலகிய தூரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆக த்ரோ 4 என்றால் டயல் 8 ஓட வேண்டும். ஆனால் சிலர் மொத்த ஸ்ட்ரோக்கையே த்ரோ என்று எழுதிவிடுவார்கள், அப்போது அந்த எண்ணேதான் டயல் ரீடிங், அதனால் எது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எதிரெதிர் ஜா இரண்டைத் தளர்த்தி இறுக்கி 8 கொண்டுவந்த பிறகு மற்ற இரண்டு ஜாவையும் பாருங்கள், அங்கே இரண்டு பக்கமும் ஒரே ரீடிங் வர வேண்டும். அது சரிபாதியாக 4 வராது, 40 மி.மீ. ஷாஃப்டில் தாழ்ந்த இடத்திலிருந்து 3.6 அளவில்தான் நிற்கும், பயப்பட வேண்டாம். டயல் முனை சென்டர் உயரத்தில் இருக்கட்டும். 10 மி.மீ. டயலில் த்ரோ 5-க்கு மேல் போனால் முள் முட்டிக்கொள்ளும், அப்போது தாழ்ந்த இடத்தில் ஸ்லிப் கேஜ் வைத்து அதன் மேல் ரீடிங் எடுங்கள், உயர்ந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுப் பார்த்து, வித்தியாசத்தோடு கேஜ் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.