முதல் கேஸ் ரிப்போர்ட்: நோயாளியின் கையெழுத்திலிருந்து இதழைத் தேர்ந்தெடுப்பது வரை

மாணவனாக நான் எழுதிய முதல் கேஸ் ரிப்போர்ட்டை, படித்துக்கூடப் பார்க்காமல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. நோயாளியிடம் ஒப்புதல் வாங்கியிருந்தேன். ஆனால் அது மருத்துவமனையின் பொதுப் படிவத்தில் இருந்தது. அந்த இதழுக்கோ அவர்களுடைய சொந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அதற்குள் நோயாளி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து, தொலைபேசி எண்ணையும் மாற்றியிருந்தார். மூன்று மாத உழைப்பு வீணானது. அதனால்தான் கடைசிப் படியான இதழ்த் தேர்வை முதலிலேயே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடச் சொல்கிறேன்.

விளக்குவதற்காக ஒரு கேஸைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். அறுபதுகளில் உள்ள ஓர் ஆண். இரண்டு வாரமாகக் கால்களில் பலவீனம். ரத்த அழுத்தம் 172/98. ரத்தத்தில் பொட்டாசியம் 2.4 (இயல்பு 3.5 முதல் 5.0 மில்லிமோல்/லிட்டர்). அல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கும் நோயாக இருக்கலாம் என்று சந்தேகித்து ரெனின், அல்டோஸ்டிரோன் பார்க்கிறார்கள். இரண்டுமே குறைவு. "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூன்று முறையும் "இல்லை" என்றே பதில். நான்காவதாக ஒரு மாணவி, "ஒரு நாளில் என்னவெல்லாம் குடிப்பீர்கள்?" என்று கேட்கிறாள். இரண்டு மாதமாகத் தினம் நான்கு கோப்பை அதிமதுரத் தேநீர் என்கிறார் அவர்.

படி 1: இதில் சொல்ல ஒரு செய்தி இருக்கிறதா?

அதிமதுரத்தால் பொட்டாசியம் குறைவது புதிய விஷயமே அல்ல. பப்மெட்டில் இப்படித் தேடிப் பாருங்கள்:

```
(glycyrrhiza OR licorice OR liquorice) AND hypokalemia AND case reports[pt]
```

கடைசியில் உள்ள `[pt]` கேஸ் ரிப்போர்ட்டுகளை மட்டும் வடிகட்டித் தரும். வந்து விழும் பட்டியலைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முதல்முறையாக நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு கேஸ் ரிப்போர்ட் வெளியாவதில்லை. "உலகிலேயே முதல் கேஸ்" என்று எழுதினால் விமர்சகர் அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொன்றைத் தேடி எடுத்து வந்துவிடுவார்.

இந்தக் கேஸின் செய்தி வேறு. ரெனினும் அல்டோஸ்டிரோனும் சேர்ந்து குறைந்திருந்தால், மருந்துகளைப் பற்றி மட்டுமல்லாமல் பானங்களைப் பற்றியும் கேளுங்கள். கேஸைக் கேட்டு வியந்துபோன நண்பனிடம், "சரி, நாளை வார்டில் நான் எதை மாற்றிச் செய்யணும்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எழுதத் தொடங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

இதே வாரத்தில் வழிகாட்டும் மருத்துவரிடம் பேசி, ஆசிரியர் பட்டியலையும் முடிவு செய்துவிடுங்கள். சிகிச்சை கொடுத்ததோடு ஒருவர் ஆசிரியராகிவிட மாட்டார். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வேலையில் கணிசமான பங்களிப்பு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். எழுதி முடித்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கசப்பில்தான் முடியும்.

படி 2: ஒப்புதல்

அனுப்ப நினைக்கும் இரண்டு, மூன்று இதழ்களின் ஆசிரியர் வழிமுறைப் பக்கத்தைத் திறந்து, ஒப்புதல் பற்றி மட்டும் படியுங்கள். பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்ற இதழ்கள் தங்கள் படிவத்தையே கேட்கும். வேறு சில இதழ்களுக்கு, எழுத்துமூல ஒப்புதல் பெற்றதாகக் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்து, படிவம் உங்கள் கோப்பில் இருந்தால் போதும். எந்தப் படிவங்கள் தேவையோ அவை எல்லாவற்றிலும், நோயாளி வீட்டுக்குப் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சிகிச்சைக்கும் அறுவைக்கும் அவர் போட்ட கையெழுத்து இதற்குப் பொருந்தாது. வெளியிடுவதற்கென்று தனி ஒப்புதல் வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், அவசரமில்லாத நேரத்தில் பேசுங்கள். மாணவி இப்படிக் கேட்கலாம்:

"ஐயா, உங்களுக்கு நடந்ததை மற்ற டாக்டர்கள் படிக்கிற மாதிரி எழுதலாம்னு நினைக்கிறோம். பேரு, படம் எதுவும் போட மாட்டோம். ஆனா இது இணையத்துல வரும், யாரும் படிக்கலாம். உங்களை நல்லா தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிட வாய்ப்பு இருக்கு. வேண்டாம்னு சொன்னாலும் சிகிச்சையில ஒண்ணும் குறையாது. வெளியாகறதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் மனசு மாத்திக்கலாம். வெளியான பிறகு திரும்ப எடுக்கறது கஷ்டம்."

"யாருக்கும் தெரியவே தெரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த உறுதியை உங்களால் காப்பாற்ற முடியாது. நோயாளி இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடமும், குழந்தையாக இருந்தால் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். விவரம் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் அதனிடமும் கேளுங்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய ரிப்போர்ட்டுக்குப் பல நிறுவனங்களில் நெறிமுறைக் குழுவின் முழு அனுமதி தேவைப்படுவதில்லை. ஆனாலும் உங்கள் குழுவிடம் கேட்டு, தேவையில்லை என்றால் அதையே கடிதமாக வாங்கி வையுங்கள். கட்டுரையை அனுப்பும்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

படி 3: அடையாளத்தை நீக்குதல்

பெயரையும் பதிவு எண்ணையும் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது மற்றவற்றில்தான். தேதிகளை நீக்கிவிட்டு, அனுமதிக்கப்பட்ட நாளை 0 என்று வைத்து எண்ணுங்கள். 64 வயது என்பதை "அறுபதுகளில்" ஆக்குங்கள். தொழில் செய்திக்குத் தேவையில்லை என்றால் அதுவும் போகட்டும். ஸ்கேன் படத்தின் மூலையில் பெயர் அச்சாகியிருக்கும். படக் கோப்புக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் விவரங்கள் இருக்கும். முகப் படத்தில் கண்கள் மீது கருப்புப் பட்டை போடுவது போதுமான மறைப்பு ஆகாது.

விவரத்தை நீக்கலாம், மாற்றக் கூடாது. ஆணைப் பெண்ணாக்கினாலோ நான்கு கோப்பையை இரண்டாக்கினாலோ, அதை நம்பிப் படிக்கும் மருத்துவர் தவறான பாடம் கற்பார்.

படி 4: முதலில் காலவரிசை

கேர் என்ற வழிகாட்டி 2013-இல் வெளியானது. கேஸ் ரிப்போர்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் முன்னுரையிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். காலவரிசையிலிருந்து தொடங்குங்கள். நம் கேஸில் அது இப்படி இருக்கும்:

நாள் −60: அதிமதுரத் தேநீர் தொடக்கம், தினம் நான்கு கோப்பை.
நாள் −14: கால்களில் பலவீனம்.
நாள் 0: பொட்டாசியம் 2.4, ரத்த அழுத்தம் 172/98. பொட்டாசியம் ஏற்றத் தொடக்கம்.
நாள் 3: ரெனின், அல்டோஸ்டிரோன் இரண்டும் குறைவு. தேநீர் பற்றித் தெரிகிறது, நிறுத்தப்படுகிறது.
நாள் 7: பொட்டாசியம் 3.8. பொட்டாசிய மருந்து நிறுத்தம்.
நாள் 28: மருந்தில்லாமல் பொட்டாசியம் 4.1, ரத்த அழுத்தம் 134/82.

இதை எழுதும்போதே ஓட்டைகள் தெரிய வரும். நாள் 7-இன் 3.8 எதையும் நிரூபிக்கவில்லை, ஏனென்றால் அப்போது பொட்டாசியம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கேஸைத் தாங்குவது நாள் 28-இன் எண்தான். அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றால், எழுதுவதை நிறுத்திவிட்டு நோயாளியை மறுபரிசோதனைக்கு அழைக்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். அதிமதுரத்தின் விளைவு நிறுத்திய பிறகும் சில வாரங்கள் நீடிக்கலாம் என்பதால் முதல் வாரத்து அளவை மட்டும் நம்ப முடியாது.

காலவரிசை கிடைத்தால் கேஸ் பகுதி தானாக வந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகும் இயல்பு வரம்பும் தேவை. இயல்பாக வந்த முடிவுகளில், வேறு நோயை ஒதுக்க உதவியவற்றை மட்டும் எழுதுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுக்கவில்லை என்பது இங்கே அவசியம். கல்லீரல் பரிசோதனையின் முழுப் பட்டியல் அவசியமில்லை.

படி 5: விவாதம்

பாடப்புத்தகத்தை நகலெடுக்கும் ஆசை இங்கேதான் வரும். இந்த நோயாளிக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு பத்தி போதும். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. எஞ்சிய கார்டிசோல் அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்கிறது. உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, உடல் தன் சொந்த ரெனினையும் அல்டோஸ்டிரோனையும் குறைத்துக்கொள்கிறது.

அடுத்த பத்தி, காரணம் இதுதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பது. மருந்துப் பக்கவிளைவுகளுக்கு நரான்ஹோ என்ற பத்துக் கேள்வி அளவுகோல் உண்டு. நம் கேஸில் முந்தைய ரிப்போர்ட்டுகள் இருப்பதற்கு 1, குடித்த பிறகு வந்ததற்கு 2, நிறுத்தியதும் சரியானதற்கு 1, வேறு காரணம் இல்லாததற்கு 2, பரிசோதனைச் சான்றுக்கு 1. மொத்தம் 7. 5 முதல் 8 வரை வந்தால் "வாய்ப்பு அதிகம்", 9 முதல்தான் "உறுதி". ஆகவே "அதிமதுரத்தால் ஏற்பட்டது" என்று அடித்துச் சொல்லாமல், "ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்" என்று எழுதுங்கள். தேநீரில் கிளைசிரைசின் எவ்வளவு என்று அளக்கவில்லை, மறுபடி கொடுத்துப் பார்ப்பது நெறிமுறைப்படி சரியல்ல. இந்த இரண்டு குறைகளையும் நீங்களே சொல்லிவிட்டால் விமர்சகருக்கு வேலை மிச்சம்.

முன்னுரை, சுருக்கம், தலைப்பு மூன்றையும் இந்த வரிசையில் கடைசியாக எழுதலாம். நோயாளியின் பார்வை என்று ஒரு சிறு பத்தியைப் பல இதழ்கள் வரவேற்கும். "டீயை யாராவது மருந்துன்னு சொல்வாங்களா?" என்று அவர் கேட்டிருந்தால், உங்கள் விவாதம் முழுவதையும்விட அது நன்றாகச் சொல்லிவிடும்.

படி 6: இதழ்

பெரிய பொது மருத்துவ இதழ்கள் பலவும் கேஸ் ரிப்போர்ட்டுகளை ஏற்பதில்லை, ஏற்றாலும் கடித வடிவில்தான். அதனால் ஒவ்வோர் இதழிலும் முதலில் பார்க்க வேண்டியது, கடந்த ஓராண்டில் கேஸ் ரிப்போர்ட் போட்டிருக்கிறார்களா என்பது. அடுத்து பணம். பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸில் அனுப்ப ஆண்டு உறுப்பினர் உரிமை வேண்டும். உங்கள் கல்லூரி ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருக்கலாம், நூலகரிடம் கேளுங்கள். ஜர்னல் ஆஃப் மெடிக்கல் கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்ற திறந்த இதழ்களில், ஏற்கப்பட்டால் வெளியீட்டுக் கட்டணம் உண்டு. கட்டணம் கேட்பதே மோசடி ஆகாது. கட்டணத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லாததுதான் சந்தேகத்துக்குரியது.

"உங்கள் மதிப்புமிக்க ஆய்வை" வரவேற்று அழைப்பு மின்னஞ்சல் வந்தால் நிதானியுங்கள். மூன்றே நாளில் திருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் இதழில், யாரும் உங்கள் கட்டுரையைப் படிக்கவில்லை என்று பொருள். பப்மெட்டில் இருக்கிறோம் என்று அவர்களே சொல்வதை நம்பாமல், இதழின் பெயரை நீங்களே அங்கே தேடிப் பாருங்கள். பொறியில் சிக்கினால் கட்டுரையைத் திரும்ப வாங்குவது கடினம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால், அது அங்கே மாட்டியிருக்கும் வரை நல்ல இதழுக்கும் அனுப்ப முடியாது.

முதல் இதழ் நிராகரித்தால் அடுத்ததற்குப் போகும் முன் அதன் சொல் வரம்பு, மேற்கோள் எண்ணிக்கை, படிவம் மூன்றையும் மறுபடி பாருங்கள். ஏற்கப்பட்டால், வெளியான நாளில் ஒரு பிரதியை நோயாளிக்கும் கொடுத்துவிடுங்கள். கேஸ் அவருடையது.