ப்ரொபேஷன் படிவத்தைச் சுருக்கும்போது மதிப்பெண்ணை நம்பாதீர்கள்

புதிய ஊழியரின் பணியை உறுதி செய்வதா, ப்ரொபேஷனை நீட்டிப்பதா, பணியை முடிப்பதா என்று பரிந்துரைக்கவே மேலாளர் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களைச் சுருக்குகிறோம். ஆனால் பல மேலாளர்கள் எல்லாருக்கும் 5-க்கு 3 போட்டுவிடுவார்கள். அதனால் முதலில் கருத்துப் பகுதியைப் படித்து, தேதியும் எண்ணும் உள்ள வரிகளை மட்டும் தனியே எடுங்கள். "ஆர்வம் குறைவு" போன்றவை சான்றாகாது.

ஒரு கணக்கு உதவியாளரின் 6 மாத ப்ரொபேஷன் என்று வைத்துக்கொள்வோம். பில் பிழைகள் 2-ஆம் மாதம் 14, 4-ஆம் மாதம் 9, 5-ஆம் மாதம் 4, இலக்கு மாதம் 2-க்குள். மூன்று படிவத்திலும் மதிப்பெண் 3 தான். ஆனால் பிழை குறைந்துகொண்டே வருகிறது, இலக்கு இன்னும் எட்டவில்லை. எனவே பரிந்துரை: 2 மாத நீட்டிப்பு, நிபந்தனை மாதம் 2 பிழைக்குள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் படிவத் தேதியை எழுதுங்கள்.

5-ஆம் மாதமே 2-க்குள் வந்திருந்தால் பணி உறுதி. 14-லேயே நின்றிருந்தால் பணியை முடித்துவிடலாம், ஆனால் குறையை எழுத்தில் சொன்னதும் பயிற்சி தந்ததும் பதிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீட்டிப்பே சரி. திருட்டு, பொய்க் கணக்கு போன்ற புகாரை இதில் கலக்காதீர்கள். அதற்குத் தனி விசாரணை வேண்டும். நியமனக் கடிதம் நீட்டிப்பை அனுமதிக்கிறதா என்பதையும், ப்ரொபேஷன் முடியும் தேதிக்கு முன்பே, பார்த்துவிடுங்கள்.