ராக் மேடையைப் படமெடுப்பது எப்படி: ஃபோகஸ் தவறிய ஒரு படத்தை வைத்து ஒரு செய்முறை

1979 செப்டம்பரில், நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில், லண்டனைச் சேர்ந்த ‘தி கிளாஷ்’ என்ற பங்க் குழு வாசித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி முடியும் தறுவாயில், பேஸ் கிட்டார் வாசித்த பால் சிமோனன் தன் வெள்ளை நிற ஃபெண்டர் பிரெசிஷன் கிட்டாரைக் கழுத்தில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, கோடரியால் விறகு பிளப்பதைப் போல மேடைத் தரையில் அடித்தார். மேடையோரத்தில் நின்றிருந்த ஒளிப்படக்காரர் பெனி ஸ்மித், அந்தக் கிட்டார் தரையைத் தொடுவதற்கு முந்தைய கணத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படம் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டையாயிற்று. 2002-இல் பிரிட்டனின் ‘கியூ’ இதழ் அதை ராக் இசையின் மிகச் சிறந்த ஒளிப்படமாகத் தேர்ந்தெடுத்தது. 2010-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அந்த அட்டையை அஞ்சல் தலையாகவும் வெளியிட்டது. ஆனால் படத்தில் ஃபோகஸ் சரியாக இல்லை. எடுத்தவரே அதை அட்டையில் போட வேண்டாம் என்றுதான் சொன்னார்.

முதன்முறையாக ஒரு ராக் நிகழ்ச்சியைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கே நிற்பது, கேமராவை எப்படி அமைப்பது, எதுவரை காத்திருப்பது, எடுத்தவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, அதனருகில் என்ன எழுதுவது என்ற ஐந்து கேள்விகளையும் இந்த ஒரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் படி: நிற்கும் இடத்தைத் தீர்மானித்தல்

பெரிய அரங்குகளில் இன்று பெரும்பாலும் முதல் மூன்று பாடல்களுக்கு மட்டுமே ஒளிப்படக்காரர்களை மேடைக்கு முன் அனுமதிப்பார்கள். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. இந்த வழக்கம் 1979-இல் நடைமுறையில் இருந்து, பெனி ஸ்மித்தும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தால், அட்டையில் வந்த அந்தப் படமே இருந்திருக்காது, ஏனெனில் அது நிகழ்ச்சியின் கடைசியில் நடந்தது. ஆகவே தொடக்கத்தில் பெரிய அரங்குகளை நாடாமல், மூன்று பாடல் விதி இல்லாத சிறிய அரங்குகளில் வாசிக்கும் குழுக்களிடம் முன்கூட்டியே பேசி, முழு நிகழ்ச்சிக்கும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடைக்கு நேர் எதிரே நின்றால் ஒலிவாங்கியும் அதன் தாங்கியும் பாடகரின் முகத்தைப் பாதி மறைத்துவிடும். மேடையின் பக்கவாட்டில் நின்றால் முகம் திறந்து தெரியும். பின்னணியில் இருளும் ஒலிபெருக்கிகளும் வரும். பெனி ஸ்மித் நின்றதும் பக்கவாட்டில்தான். அவர் அப்போது ‘என்எம்இ’ என்ற பிரிட்டிஷ் இசை இதழின் ஒளிப்படக்காரர். குழுவோடு பயணித்து அவர்களின் அசைவுகளைப் பழகியிருந்தவர். வழக்கமாக அமைதியாக இருக்கும் சிமோனன் அன்று வேறு மனநிலையில் இருக்கிறார் என்பதை அவரால் உணர முடிந்தது அந்தப் பழக்கத்தால்தான். நீங்களும் ஒலிச் சோதனையின்போதே போய், யார் எந்தப் பாட்டில் எங்கே நகர்கிறார், யார் குதிப்பவர், யார் அசையாதவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் எடுக்கும் படங்களுக்கும் அதே பழக்கமே அடிப்படை. அங்கே முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் இருப்பது நல்லது.

இரண்டாம் படி: கேமராவை அமைத்தல்

கோப்பு வகையை ‘ரா’ என்று வையுங்கள். கேமராவை முழுக் கைமுறைக்கு மாற்றி, ஷட்டர் வேகம் 1/250 நொடி, அபெர்ச்சர் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்குங்கள். தானியங்கி முறையை நம்ப வேண்டாம். மேடையைச் சுற்றியுள்ள இருளையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, பாடகரின் முகத்தை அது வெளுக்க வைத்துவிடும்.

1/250 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எப்போது மாற்றுவது என்பதும் புரிந்துவிடும். ஒருவர் கிட்டாரை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறார் என்று கொள்வோம். 1/60 நொடியில் அது 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் கிட்டாரின் கழுத்து ஒரு புகைக்கோடாகத்தான் தெரியும். 1/250 நொடியில் அதே கிட்டார் 2 சென்டிமீட்டர்தான் நகரும். விளிம்புகள் சற்றே மழுங்கினாலும் அது கிட்டார் என்பது தெளிவாகத் தெரியும். 1/1000 நொடியில் எல்லாம் உறைந்துபோகும். ஆனால் அதற்கு நான்கு மடங்கு ஒளி வேண்டும், சிறிய அரங்கில் அது கிடைக்காது. தவிர, முற்றிலும் உறைந்த கிட்டாரைப் பார்த்தால் யாரோ அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றும்.

அசைவால் வரும் மங்கலும் ஃபோகஸ் தவறுவதால் வரும் மங்கலும் வேறு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அசைந்த பொருள் ஒரே திசையில் இழுபட்டிருக்கும், அசையாத மேடைத் தரை கூர்மையாக இருக்கும், ஃபோகஸ் தவறியிருந்தால் ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாக இருக்கும், ஆள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கரைந்திருப்பார். பெனி ஸ்மித்தின் படத்தில் நடந்தது இரண்டாவது வகை. சிமோனன் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அடிபடாமல் இருக்க அவர் பின்வாங்கிக்கொண்டே எடுத்தார்.

இது எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் எனப்படும் முழுச்சட்ட கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, 2.8 அபெர்ச்சரில், 2 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 1.75 மீட்டரிலிருந்து 2.3 மீட்டர் வரைக்கும்தான் கூர்மையாக இருக்கும். எதிரே இருப்பவர் ஓர் எட்டு முன்வைத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். இன்றைய கேமராக்களில் உள்ள தொடர் ஃபோகஸ் வசதி இதைப் பெருமளவு சமாளிக்கும், ஆனால் முழுவதும் அல்ல: குனிந்த தலையில் கண்ணைத் தேடும் கேமரா, கண் கிடைக்காமல், பின்னாலுள்ள டிரம்முக்குத் தாவிவிடும். எனவே கண் கண்டறியும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு சிறிய ஃபோகஸ் புள்ளியை ஆளின் மார்பில் வைத்துப் பின்தொடருங்கள்.

சிவப்பு எல்.இ.டி. விளக்கு இன்னொரு தொல்லை. சிறிய அரங்கு ஒன்றில் நான் முதன்முதலில் எடுத்த 300 படங்களில் பாதிக்கு மேல், பாடகியின் முகம் மூக்கும் கன்னமும் தெரியாத ஒரு சிவப்புப் பூச்சாக இருந்தது. கேமராவின் பின்திரையில் பார்த்தபோது ஒளி அளவு சரியாகத்தான் தோன்றியது, ஏனெனில் நான் பார்த்தது மூன்று நிறங்களும் கலந்த ஹிஸ்டோகிராம் வரைபடத்தை. நிறங்களைத் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்தால், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்பது தெரிந்திருக்கும். அப்படி முட்டினால் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கோ 800-க்கோ இறக்குங்கள். பின்திரையில் படம் இருட்டாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: கடைசிவரை காத்திருத்தல்

1967 ஜூன் 18 அன்று, கலிபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாருக்குத் தீ வைத்தபோது, நாற்காலி ஒன்றின் மேல் நின்றிருந்த எட் காராஃப் என்ற 17 வயது இளைஞரிடம் ஃபிலிம் சுருளில் ஒரே ஒரு படத்துக்கான சட்டம்தான் மிச்சமிருந்தது. அதில்தான் உலகம் முழுவதும் அறிந்த அந்தப் படம் விழுந்தது. இன்று சுருள் தீர்ந்துபோவதில்லை. கேமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்து அது சில நொடிகள் உறைந்துபோவதுதான் நடக்கிறது. விரலை எடுக்காமல் தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளாமல் மூன்று நான்கு சட்டங்களாக எடுத்தால் அந்தச் சிக்கல் வராது.

நான்காம் படி: தேர்ந்தெடுத்தல்

ஒரு குழுவைப் பற்றிய புராணம் பிறக்கும் இடம் என் கணிப்பில் மேடை அல்ல, படங்களைப் பரப்பி வைத்த மேசைதான்.

குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும், அந்தப் பயணத்தில் உடன் வந்த கேலிச்சித்திரக்காரர் ரே லோரியும் சுருளின் படங்களையெல்லாம் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டில் இந்தச் சட்டத்தைக் கண்டதும் இதுதான் அட்டை என்று பிடிவாதமாக நின்றார்கள். பெனி ஸ்மித் தொழில்காரராகப் பார்த்தார். அவருக்குப் பட்டது ஃபோகஸ் பிழை. மற்ற இருவரும் உருவத்தைப் பார்த்தார்கள்: அகல விரிந்த கால்கள், வளைந்த முதுகு, மேலே தூக்கிய கிட்டார். முகம் தெரியவில்லை, அதனால் அது சிமோனன் என்ற தனிமனிதரைத் தாண்டி, கோபம் கொண்ட எவராகவும் ஆகிவிடுகிறது. கிட்டார் இன்னும் உடையவில்லை, அதனால் பார்ப்பவர் மனத்தில் அது ஒவ்வொரு முறையும் உடைந்துகொண்டே இருக்கிறது.

அதன்மேல் லோரி இன்னொரு வேலை செய்தார். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 ஆல்பத்தின் அட்டையில், இடப்பக்கம் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பு எழுத்துகளும் அடியில் பச்சை எழுத்துகளும் இருக்கும். நடுவே கிட்டாரை அணைத்துப் பாடும் எல்விஸ், கறுப்பு வெள்ளையில். லோரி அதே நிறங்களையும் அதே அமைப்பையும் எடுத்துச் சிமோனன் படத்தின்மேல் வைத்தார். முதல் அட்டையில் ஒருவன் கிட்டாரோடு வருகிறான். 23 ஆண்டுகள் கழித்து வந்த அட்டையில் இன்னொருவன் அதை அடித்து உடைக்கிறான். ராக் இசையின் தொடக்கமும் முடிவும் என்று மக்கள் பேசத் தொடங்கியது இந்த இரண்டு அட்டைகளும் சேர்ந்ததால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிகழ்ச்சி முடிந்த மறுநாள், எல்லாப் படங்களையும் திரையில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி வைத்துப் பாருங்கள். அந்த அளவில் ஃபோகஸ் பிழை கண்ணில் படாது. உருவம் மட்டும்தான் தெரியும். பிடித்தவற்றைக் குறித்துவிட்டு, அதன்பிறகே பெரிதாக்கிக் கூர்மையைச் சோதியுங்கள். பெரிதாக்கியதும் நீக்கத் தோன்றும் படங்களை அழிக்காமல் தனிக் கோப்புறையில் போட்டு, படமெடுக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். ஆனால் மங்கலான படமெல்லாம் மேதைமை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். சுருக்கிப் பார்க்கும்போதே என்ன நடக்கிறது என்று புரியாவிட்டால், அது வெறும் பிழைதான்.

ஐந்தாம் படி: குறிப்பு எழுதுதல்

அந்த அட்டையைப் பார்ப்பவர்கள் சிமோனன் வெறியின் உச்சத்தில் கிட்டாரை உடைக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் பின்னாளில் சொன்ன காரணம் வேறு. பல்லேடியத்தில் இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தன. காவலர்கள் ரசிகர்களை எழுந்து நிற்க விடவில்லை. எதிரே உயிரில்லாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்த எரிச்சல்தான் கிட்டாரில் இறங்கியது. இருக்கைகளும் காவலர்களும் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், புராணத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. குழு அங்கே செப்டம்பர் 20, 21 என இரண்டு இரவுகள் வாசித்ததால், படம் எடுக்கப்பட்ட தேதியும் இடத்துக்கு இடம் மாறி அச்சானது.

எனவே நிகழ்ச்சிக்கு முன்பே கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, தேர்ந்தெடுத்த கையோடு ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரிகள் எழுதிவையுங்கள்: தேதி, அரங்கு, எத்தனையாவது பாட்டு, சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது. சிமோனனின் படத்துக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கும்: “பல்லேடியம், நியூயார்க், நிகழ்ச்சியின் இறுதி. பார்வையாளர்களை நிற்க விடவில்லை. பேஸ் கிட்டார்காரர் என்னை நோக்கி வந்தார், நான் பின்வாங்கினேன்.”